என்று? எங்கே? எதைப் பற்றி? செல்போனுக்குள் நுழைந்த ஓவியக் கண்காட்சி அழைப்பிதழ்

பெங்களூர் குமாரகிருபா சாலையிலுள்ள சித்திரகலா பரிஷத்தின் வளாகத்துக்குள் ஒரு மாலை நேரம் சென்று நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கிய பெரியவர் ஒருவர் செல்போனை முகத்தருகே கொண்டுபோகிறார். பிறகு கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்க்கிறார். இரண்டு விரல்களால் படத்தை விரிக்கிறார். எழுத்து பெரிதாகிறது, ஆனால் மங்கிவிடுகிறது. கடைசியில் காவலாளியிடம் போய், "ஓவியக் கண்காட்சி எங்கே?" என்று கேட்கிறார். காவலாளி, "எந்தக் கண்காட்சி?" என்று திருப்பிக் கேட்கிறார். அந்த வளாகத்தில் காலரிகள் பல. ஒரே வாரத்தில் பலருடைய படங்கள் தொங்கும்.

பெரியவர் கையில் இருந்தது அழைப்பிதழ்தான். அதில் எல்லாம் இருந்தது. ஆனால் எதையும் படிக்க முடியவில்லை.

ஓவியக் கண்காட்சி என்பது சினிமாப் படம் போல ஐம்பது நாள் ஓடுவதல்ல. தனி ஓவியர் ஒருவர் வாடகைக்கு எடுக்கும் காலரி பெரும்பாலும் நான்கு நாள், ஐந்து நாள், மிஞ்சினால் ஒரு வாரம். ஐந்து நாள் கண்காட்சியில் ஒரு நாள் ஆள் வராமல் போனால், இரண்டு மூன்று வருட உழைப்பைக் காட்டக் கிடைத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீணாயிற்று என்று பொருள். சட்டம் போட்ட செலவு, வண்டிக் கூலி, காலரி வாடகை எல்லாம் கைப்பணம். ஆகவே அழைப்பிதழ் சரியாக இருப்பது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல, வயிற்றுப் பிரச்சினையும்கூட.

அட்டைக்குச் செய்தது செல்போனுக்கு ஆகாது

முன்பெல்லாம் அழைப்பிதழ் தபாலில் வரும். கனத்த அட்டை, ஒரு பக்கம் ஓவியம், மறுபக்கம் எழுத்து. வந்தவுடன் அலமாரிக் கண்ணாடியில் செருகி வைப்பார்கள். திறப்பு விழா வரை அது கண்ணெதிரே நிற்கும். நாள் மறந்துவிட்டால் எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று அதே அட்டையை அச்சகத்துக்கு வரைந்தவாறே படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஏழு அங்குல அகலமுள்ள அட்டை என்று வைத்துக்கொள்வோம். அதாவது சுமார் 178 மில்லிமீட்டர். அதில் முகவரி 10 பாயிண்ட் எழுத்தில் அச்சாகியிருக்கும். கையில் வைத்துப் படிக்க அது போதும். சாதாரணச் செல்போனை நேராகப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 68 மில்லிமீட்டர். அட்டை முழுவதும் அந்த அகலத்துக்குள் சுருங்க வேண்டும். 10 பாயிண்ட் எழுத்து அங்கே 4 பாயிண்டுக்கும் குறைந்துபோகிறது. மருந்துச் சீட்டின் உட்தாளில்கூட அவ்வளவு பொடி எழுத்து இருக்காது.

தமிழுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. ஆங்கில எழுத்து சிறுத்தாலும் அதன் வடிவம் ஓரளவு தெரியும். தமிழில் புள்ளி போய்விடும். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் உள்ள சுழி வித்தியாசம் கரைந்துவிடும். கன்னடத்திலும் எழுத்துக்குக் கீழே தொங்கும் ஒத்தெழுத்துகளுக்கு இதே கதிதான். படத்தை விரித்துப் பார்க்கலாமே என்பார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அதைத் திரையில் பிடித்து ஒருவர் மற்றவருக்கு அனுப்ப, அவர் அதையே மறுபடி பிடித்து அனுப்ப, கை மாறும்போதெல்லாம் எழுத்து இன்னும் கொஞ்சம் கரைகிறது.

படத்துக்குள் இருக்கும் எழுத்துக்கு வேறொரு குறையும் உண்டு. அது எழுத்தே அல்ல, எழுத்தின் படம். அதைத் தொட்டால் வரைபடம் திறக்காது. தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. கண் மங்கியவர்கள் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அந்த ஏற்பாடு படத்துக்குள் நுழையாது. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதி செல்போனிலேயே இருக்கிறது. அதுவும் இங்கே பெரும்பாலும் 'படம்' என்று சொல்வதோடு நின்றுவிடும். பத்து நாள் கழித்து, "அந்தக் கண்காட்சி என்றைக்கு?" என்று தேடினால் தேடலிலும் அகப்படாது.

ஆகவே முதல் முடிவு இதுதான்: நாள், இடம், பொருள் மூன்றும் தட்டச்சு செய்த எழுத்தாகப் போக வேண்டும். படம் அதற்குத் துணையாக வரட்டும்.

ஒரு மாதிரி அழைப்பிதழ்

பெங்களூர்த் தமிழர்களின் குழுக்களில் சுற்றி வரும் அழைப்பிதழ்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றின் மாதிரியாக ஒன்றை அமைத்து, அதைத் திருத்திப் பார்ப்போம். ஓவியரும் காலரியும் கற்பனை. ஆகையால் பெயர்கள் வெற்றிடமாகவே இருக்கட்டும்.

"பேரன்புடையீர், வணக்கம். கலையன்பர்களின் நல்லாசியுடன், கர்நாடக மாநிலத் தலைநகராம் பெங்களூர் மாநகரில் கடந்த இருபது ஆண்டுகளாகத் தூரிகைப் பணியாற்றி வரும் ஓவியர் (பெயர்) அவர்களின் 'நீர்மையின் நினைவுத் தடங்கள்' எனும் தலைப்பிலான தனிநபர் ஓவியக் கண்காட்சி, இருத்தலுக்கும் இன்மைக்கும் இடையே ஊசலாடும் நகர்ப்புற மனத்தின் படிமங்களை வண்ணங்களில் வடித்தெடுக்கும் முயற்சியாக அமைகிறது. இக்கண்காட்சியை மாண்புமிகு சிறப்பு விருந்தினர் (பெயர்) அவர்கள் நிகழும் நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் மாலை 5 மணியளவில் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்க இசைந்துள்ளார்கள். கண்காட்சி 18ஆம் நாள் வரை நடைபெறும். இடம்: (காலரியின் பெயர்), 100 அடி சாலை, இந்திரா நகர். தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்."

குற்றம் சொல்ல முடியாத தமிழ்தான். மேடையில் ஒருவர் எழுந்து நின்று வாசித்தால் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் செல்போனில் என்ன நடக்கிறது?

செய்தி வந்தவுடன் திரையில் தெரிவது ஒன்றிரண்டு வரிதான். அதில் கண்ணில் படுவது, "பேரன்புடையீர், வணக்கம். கலையன்பர்களின் நல்லாசியுடன்…" என்பது மட்டுமே. கல்யாணமா, காதுகுத்தா, இலக்கியக் கூட்டமா? தெரியாது. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். அந்தப் 'பிறகு' வருவதற்குள் அதன்மேல் நாற்பது செய்திகள் ஏறிவிடும். திறந்து பார்ப்பவரும் நாற்பத்தைந்து சொற்களைக் கடந்தால்தான் தேதியைச் சந்திக்கிறார்.

அப்படிக் கடந்து வந்தாலும் சில விஷயங்கள் கிடைக்கவில்லை. 14ஆம் தேதி என்ன கிழமை? 15ஆம் தேதி போனால் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும்? 100 அடி சாலை நெடிய சாலையாயிற்றே, எந்தப் பக்கம்? கட்டணம் உண்டா? அழைப்பு இல்லாதவர் வரலாமா? இருத்தலும் இன்மையும் இருக்கட்டும், சுவரில் என்ன படம் தொங்கப் போகிறது?

நாள்: மூன்று வகை நேரம்

நாளை எழுதுவது எளிது என்று தோன்றும். ஆனால் ஓவியக் கண்காட்சிக்கு மூன்று வகை நேரங்கள் உண்டு. திறப்பு விழா நேரம் ஒன்று. மற்ற நாட்களில் தினமும் திறந்திருக்கும் நேரம் இரண்டு. கடைசி நாள் நேரம் மூன்று.

இந்த மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடைசி நாள் மாலையில் படங்களைக் கழற்றிக் கட்டி, காலரியை ஒப்படைக்க வேண்டும். அடுத்தவர் அன்றிரவோ மறுநாள் காலையோ தம் படங்களை மாட்ட வந்துவிடுவார். ஆகவே கடைசி நாள் 4 மணிக்கே கழற்றத் தொடங்கிவிடுவார்கள். '18 வரை' என்று படித்த அன்பர் ஆபீஸ் முடிந்து 6 மணிக்கு வருவார். அவர் காண்பது வெற்றுச் சுவரும், காகிதத்தில் சுற்றிய சட்டங்களும்தான்.

திறப்பு நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. சில காலரிகளில் முதல் நாள் மாலை அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும். பொதுமக்களுக்கு மறுநாள் முதல். அப்படியானால் அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், 'யாவரும் வரலாம்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம்.

தேதியைக் கிழமையோடு சேர்த்து, மாதத்தை எழுத்தில் எழுதுவது நல்லது. '05.06' என்று எழுதினால் ஜூன் 5 என்பவரும் உண்டு, மே 6 என்பவரும் உண்டு. 'வரும் சனிக்கிழமை' என்று எழுதவே கூடாது. ஒருவர் அனுப்பிய செய்தியை மற்றவர் மூன்று நாள் கழித்து அனுப்புவார்; அப்போது 'வரும் சனி' எந்தச் சனி? தேதியும் கிழமையும் கூடவே இருந்தால் ஒன்றுக்கொன்று சாட்சி. தேதி தவறாக அடிபட்டிருந்தால் கிழமை காட்டிக் கொடுத்துவிடும்.

வழி: வாசலோடு முடிவதில்லை

பெங்களூரில் முகவரிக்கு ஒரு குணம் உண்டு. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர். அரண்மனைச் சாலையில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நவீனக் கலைக்கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய பெங்களூர்வாசிகளுக்கு அது மாணிக்கவேலு மாளிகை. சுரங்கத் தொழிலில் பொருள் ஈட்டிய மாணிக்கவேலு முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்பது. ஆட்டோக்காரருக்கு ஒரு பெயர் தெரியும், வரைபடத்தில் இன்னொரு பெயர் இருக்கும். இரண்டையும் எழுதிவிட்டால் இருவருக்கும் சண்டை இல்லை. திங்கட்கிழமைகளில் அந்தக் கூடத்துக்கு விடுமுறை. ஊரிலுள்ள ஒவ்வொரு காலரிக்கும் இப்படி ஒரு விடுமுறை நாள் இருக்கக் கூடும். கண்காட்சி நாட்களுக்கு நடுவே அது விழுகிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வளாகத்துக்குள் பல காலரிகள் இருந்தால் எண்ணோ பெயரோ வேண்டும். முதலில் பார்த்த பெரியவர் காவலாளியிடம் சிக்கிக்கொண்டது அது இல்லாததால்தான்.

அதற்குப் பிறகுதான் மிக முக்கியமான விஷயம் வருகிறது: வாசலிலிருந்து படம் வரை எப்படிப் போவது? மாதிரி அழைப்பிதழின் காலரி முதல் மாடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 18 படிகள். பின்பக்க வாசலில் ஒரு லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு பூட்டியிருக்கும், காவலாளியிடம் கேட்டால்தான் திறப்பார். அழைப்பிதழில் இதில் ஒரு வார்த்தையும் இல்லை. முழங்கால் வலியுள்ள அத்தை படியைப் பார்த்ததும் கீழேயே உட்கார்ந்துவிடுவார். சக்கர நாற்காலியில் வருபவர் அதுகூடச் செய்யாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார். லிஃப்ட் இருந்தும் பயனில்லை. சொல்லாத வசதி இல்லாத வசதிதான்.

இதற்காக ஓவியர் ஒரு வேலை செய்ய வேண்டும். படம் மாட்டும் முன் ஒரு நாள் காலரிக்குப் போய், தெருவிலிருந்து கடைசிச் சுவர் வரை தாமே நடந்து பார்க்க வேண்டும். எத்தனை படி? கைப்பிடி உண்டா? சரிவுப் பாதை உண்டா? லிஃப்டின் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலமா? உட்கார நாற்காலி கிடைக்குமா? வண்டி நிறுத்த இடம் உண்டா? கண்டதை அப்படியே எழுத வேண்டும். 'அனைவருக்கும் ஏற்ற வசதி உண்டு' என்று பொதுவாக எழுதினால் அதை நம்பி வருபவர் ஏமாறுவார். '18 படி, கைப்பிடி உண்டு' என்றால் வருபவர் தம் காலைக் கேட்டு முடிவு செய்துகொள்வார். லிஃப்ட் அடியோடு இல்லையென்றாலும் அதையும் எழுதுவதே மரியாதை.

பெரிய அலுவலகக் கட்டடத்துக்குள் இருக்கும் காலரியானால் வேறு ஒரு தடை. கீழே பெயர் எழுதச் சொல்வார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். அதுவும் முன்கூட்டியே தெரிய வேண்டிய செய்தி.

நுழைவைப் பற்றி அழைப்பிதழே தெளிவாகப் பேசிய ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சி உண்டு. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று பாரிஸ் நகரில் ஈவ் கிளைன் என்ற ஓவியர் ஒரு கண்காட்சி திறந்தார். ஈரிஸ் கிளேர் என்பவரின் சிறிய காலரி அது. உள்ளே படம் எதுவும் கிடையாது. வெள்ளையடித்த வெறும் அறை. 'வெறுமை' என்ற பெயரால் அது பேசப்பட்டது. அவ்வளவு புதிரான கண்காட்சிக்கும் அழைப்புச் சீட்டில் புதிர் இல்லை: சீட்டு வைத்திருந்தால் இருவர் இலவசமாக நுழையலாம், சீட்டு இல்லையென்றால் ஆளுக்கு 1,500 பிராங்க். கலை எவ்வளவு பூடகமாக இருந்தாலும் கதவைப் பற்றிப் பேசும்போது பளிச்சென்று பேசலாம் என்பதற்கு இது போதுமான சாட்சி.

பொருள்: சுவரில் தொங்குவது என்ன?

மூன்றாவதில்தான் ஓவியருக்கு மனம் ஒப்பாது. "என் படத்தை ஒரே வரியில் சொல்ல நான் என்ன பலசரக்குக் கடையா வைத்திருக்கிறேன்?" என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. படத்தின் பொருளைப் பார்ப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். ஆனால் இங்கே கேட்கப்படுவது பொருளின் ஆழம் அல்ல. வருபவர் கண்ணால் எதைக் காண்பார் என்பது மட்டுமே.

மாதிரி அழைப்பிதழின் ஓவியர் வரைந்தவை பெங்களூரின் மறைந்த ஏரிகள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கெம்பேகவுடா பஸ் நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில். கண்டீரவா ஸ்டேடியம் நிற்பது சம்பங்கி ஏரி இருந்த இடத்தில். அந்த ஏரியின் மிச்சமாக ஒரு சிறு குளம் இன்றும் அருகே இருக்கிறது, கரகத் திருவிழாவின் சடங்குகளோடு அதற்குத் தொடர்பும் இருக்கிறது. மெஜஸ்டிக்கில் பஸ் பிடிக்காத பெங்களூர்த் தமிழர் யார்? கண்டீரவா பக்கம் போகாதவர் யார்? தாம் தினமும் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் அலையடித்தது என்ற செய்தி யாரையும் ஒரு கணம் நிறுத்தும். அந்தச் செய்தியை 'இருத்தலுக்கும் இன்மைக்கும் இடையே ஊசலாடும் படிமங்கள்' மூடி மறைத்துவிட்டன. அந்தத் தொடரை எந்தக் கண்காட்சிக்கும் மாட்டலாம். அதுதான் அதன் குறை.

பொருளை எழுத ஒரு வழி உண்டு. எதை வரைந்திருக்கிறார், எதைக் கொண்டு வரைந்திருக்கிறார், எத்தனை படம் என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். 'பெங்களூரில் மறைந்த ஏரிகளும் இன்று அங்கே நிற்பவையும்: 24 எண்ணெய் வண்ண ஓவியங்கள்.' அவ்வளவுதான். நீலமும் சாம்பலும் மட்டுமே தீட்டிய அரூப ஓவியங்களாக இருந்தாலும் இதே வழி செல்லும். 'உருவம் இல்லாத 15 பெரிய நீர்வண்ண ஓவியங்கள், நீலத்தில் மட்டும்' என்று சொல்லிவிடலாம். ஓவியரின் தத்துவ விளக்கம் எங்கும் போய்விடாது. அதைக் காலரியின் வாசல் சுவரில் ஒட்டலாம். படத்தின் முன் நிற்பவருக்கு அதைப் படிக்கப் பொறுமையும் இருக்கும்.

திருத்திய பிறகு

இப்போது அதே அழைப்பிதழ் இப்படி ஆகிறது. முதல் வரியின் இரு முனையிலும் இருக்கும் நட்சத்திரக் குறி, வாட்ஸ்அப்பில் அந்த வரியைத் தடித்த எழுத்தாக்கும்.

*சனி, நவம்பர் 14, மாலை 5 மணி: ஓவியக் கண்காட்சி திறப்பு*

'ஏரி இருந்த இடம்', ஓவியர் (பெயர்)

பெங்களூரில் மறைந்த ஏரிகளும் இன்று அங்கே நிற்பவையும்: 24 எண்ணெய் வண்ண ஓவியங்கள்.

(காலரியின் பெயர்), முதல் மாடி, 100 அடி சாலை, இந்திரா நகர். மெட்ரோ நிலையத்திலிருந்து 10 நிமிட நடை.

யாவரும் வரலாம். கட்டணம் இல்லை.

18 படி, கைப்பிடி உண்டு. லிஃப்ட் பின்வாசலில், காவலாளி திறந்துவிடுவார்.

புதன், நவம்பர் 18 வரை. தினமும் காலை 11 முதல் இரவு 7 வரை. கடைசி நாள் மாலை 4 வரை மட்டும்.

வழி கேட்க: (தொலைபேசி எண்). வரைபடம்: (இணைப்பு)

தலைப்பையும் ஓவியர் மாற்றிக்கொண்டார் என்பதைக் கவனிக்கலாம். அது அவர் விருப்பம். 'நீர்மையின் நினைவுத் தடங்கள்' என்றே வைத்திருந்தாலும் மோசமில்லை. அடுத்த வரி விளக்கிவிடும். செய்தி வந்தவுடன் திரையில் தெரியும் முதல் வரியிலேயே நாளும் நேரமும் நிகழ்ச்சியும் வந்துவிட்டன. மேற்கொண்டு திறக்காதவருக்கும் அவ்வளவு தெரிந்துவிடும்.

சிறப்பு விருந்தினர் எங்கே என்று கேட்கலாம். அவர் பெயரைப் 'புதன்' வரிக்கு முன் ஒரு வரியாகச் சேர்க்கலாம். முதல் வரியில் வைத்தால் நாள் பின்னுக்குப் போய்விடும். விருந்தினருக்கும் ஆதரவளித்த நிறுவனத்துக்கும் உரிய மரியாதையை அச்சு அட்டையில் முழுமையாகச் செய்யலாம். பெரியவர்களை வீட்டுக்குப் போய்க் கையில் கொடுத்து அழைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. 'பேரன்புடையீர்' அங்கேதான் மணக்கும். செல்போன் செய்தி அந்த அட்டைக்குப் பதிலாகாது. அட்டையும் செல்போனின் வேலையைச் செய்யாது.

கூடப் போகும் படம்

படம் இல்லாமல் ஓவியரின் அழைப்பா? ஒரே ஓவியம் போதும். ஒன்பது ஓவியங்களைக் கட்டம் கட்டி வைத்தால் ஒன்றும் தெரியாது. படத்தை நெட்டுவாக்கில் அமைக்க வேண்டும். 1,080 புள்ளி அகலம், 1,350 புள்ளி உயரம் என்பது வசதியான அளவு. அதைவிட நெடியதாக இருந்தால் செய்திக்குள் மேலும் கீழும் வெட்டுப்பட்டே தெரியும். தேதியைக் கீழ் ஓரத்தில் வைத்தவர்களுக்கு அது அங்கேயே மறைந்துபோகும்.

அந்தப் படத்தின் மேலும் நாள், நேரம், இடம் மூன்றையும் எழுத வேண்டும். படத்தை மட்டும் சேமித்து வேறு குழுவுக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். கீழே எழுதிய செய்தி பின்தங்கிவிடும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? முன்பு போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். அட்டையில் படிக்க முடிந்த அதே 10 பாயிண்ட், திரையிலும் கிடைக்க வேண்டுமானால், 1,080 புள்ளி அகலத்தில் எழுத்தின் அளவு 56 புள்ளிக்குக் குறையக் கூடாது. எளிதாகச் சொன்னால், ஒரு வரியில் ஏறக்குறைய 20 தமிழ் எழுத்துக்கு மேல் இடம் பிடிக்கிறது என்றால் எழுத்து மிகவும் சிறுத்துவிட்டது என்று அறியலாம். அந்த இடத்தில் அதிகம் எழுத முடியாது, அது நல்லதுதான்.

எழுத்தை ஓவியத்தின்மேல் ஏற்றாமல், மேலே ஒரு பட்டையாகத் தனி நிறத்தில் எழுதினால் ஓவியமும் கெடாது, எழுத்தும் தெரியும். வெளிர் நீலத்தின்மேல் வெள்ளை எழுத்து வீட்டுக்குள் அழகாக இருக்கும். வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு வெறும் நீலமாகத்தான் தெரியும்.

வடிவமைப்பாளரிடமிருந்து தமிழ்ச் சொற்களை நகலெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. பழைய அச்சக எழுத்துருவில் அடித்த தமிழ் செல்போனுக்கு வந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக மாறும். செய்தியைச் செல்போனிலேயே புதிதாக அடித்துவிடுவது உத்தமம்.

மூன்று மொழி, மூன்று செய்தி

பெங்களூரில் ஒரே அழைப்பு கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போக வேண்டியிருக்கும். மூன்றையும் ஒரே செய்தியில் அடுக்கினால் செய்தி நீண்டு, 'மேலும் படிக்க' என்ற சொல்லுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொள்ளும். தனித்தனிச் செய்தியாக அனுப்பி, மூன்றிலும் வரிசையை ஒன்றுபோலவே வைத்தால் தவறு நுழைந்தால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். எண்கள் மூன்றிலும் ஒன்றா என்று ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது நல்லது.

பத்து வினாடிச் சோதனை

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. கண்காட்சியோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம், பக்கத்து வீட்டு மாமியோ தெருமுனைக் கடைக்காரரோ, செய்தியைக் காட்ட வேண்டும். பத்து வினாடி கழித்துச் செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். என்றைக்கு? எப்படி உள்ளே போவது? என்ன படம்? மூன்றுக்கும் பதில் வந்தால் அனுப்பலாம். ஒன்று தடுமாறினால் அந்த வரியைத் திருத்த வேண்டும். எழுதியவரே படித்துப் பார்த்தால் பயனில்லை. அவருக்குத்தான் எல்லாம் முன்பே தெரியுமே!

அனுப்பிய பின் நாள் மாறிவிட்டால்? பழைய செய்தியை அழிக்க வாட்ஸ்அப்பில் வசதி உண்டு. ஆனால் அதற்குக் கால வரம்பு இருக்கிறது, பிறர் எடுத்து அனுப்பிவிட்ட நகல்களை அது தொடாது. 'தேதி மாற்றம்' என்று முதல் சொல்லாகப் போட்டு, பழைய தேதியையும் புதிய தேதியையும் சேர்த்து எழுதி, வேறு நிறப் பட்டையுடன் புதிய படம் அனுப்ப வேண்டும். பழைய படம் இன்னும் சில நாள் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதை நம்பி வருபவருக்காகப் பழைய தேதியன்று காலரி வாசலில் ஒரு தாள் ஒட்டி வைப்பதும் அவசியம்.

இவ்வளவும் செய்தால் கூட்டம் நிரம்பி வழியும் என்று யாரும் உறுதி கூற முடியாது. படங்கள் விற்கும் என்றும் சொல்ல முடியாது. அழைப்பிதழால் ஆவது ஒன்றுதான்: வர நினைத்தவர் வழியில் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. மெஜஸ்டிக்கில் நாற்பது வருடம் பஸ் பிடித்த ஒருவர், சனிக்கிழமை மாலை 5 மணிக்கு, பின்வாசல் லிஃப்டில் ஏறி வந்து, தர்மாம்புதி ஏரியின் முன் நின்றுவிட்டால், அந்த எட்டு வரிகள் தம் வேலையைச் செய்துவிட்டன என்றே கொள்ளலாம்.